சொத்தையை முழுக்கச் சுரண்டுவதா, கொஞ்சம் விட்டு மூடுவதா?

நரம்பை நெருங்கிவிட்ட சொத்தையை அடைக்க மூன்று வழி உண்டு. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினில் சொத்தையால் மெத்தென்றானது முழுவதையும், கடினமான தரை தட்டும் வரை, ஒரே நாளில் சுரண்டி எடுப்பது பழைய வழி. பாதியை எடுத்துத் தற்காலிகமாக அடைத்து, 6 முதல் 12 மாதம் கழித்துத் திறந்து மீதியை எடுப்பது இரண்டாவது. நரம்புக்கு மேலே இருக்கும் மெத்தென்ற படலத்தை மட்டும் விட்டு, அன்றைக்கே நிரந்தரமாக மூடிவிடுவது மூன்றாவது. எங்கள் சாய்வு மூன்றாவதன் பக்கம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சுரண்டச் சுரண்ட நரம்பு திறந்துகொள்கிறது. அடைப்போடு போக வேண்டியது ரூட் கெனாலில் முடிகிறது. சொத்தை வல்லுநர்கள் 2016இல் வெளியிட்ட பன்னாட்டுப் பரிந்துரையும் இதை மிகைச் சிகிச்சை என்றே ஒதுக்கியது.

இரண்டாவது வழி காகிதத்தில் நல்லது. ஆனால் பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வில், படலத்தை விட்டு ஒரே தடவையில் மூடிய பற்களில் 3 ஆண்டுக்குப் பின் 91 விழுக்காடு உயிரோடிருந்தன. இரண்டு தடவை முறையில் 69 விழுக்காடுதான். அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், இரண்டாம் தடவைக்குப் பலர் வராமலே போனது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வர வேண்டும். பல் வலிக்கவும் இல்லை என்றால் யார் வருவார்? தற்காலிக அடைப்போ அதற்குள் தேய்ந்து, ஓரத்தில் கசியத் தொடங்கிவிடும்.

“பூச்சிய உள்ள வச்சு மூடுனா அது தின்னுக்கிட்டே போவாதா, டாக்டர்?” என்று கேட்பார்கள். சரியான கேள்வி. கிருமிக்கு இரை வாயிலிருந்து வரும் சர்க்கரைதான். அல்வா, கருப்பட்டி மிட்டாய் எதுவும் உள்ளே போக முடியாதபடி மூடினால் கிருமியில் பெரும்பாலானவை மடியும், மிச்சம் முடங்கும். நரம்பு தன் பக்கத்திலிருந்து புது டென்டினைக் கட்டும். மெத்தென்றிருந்தது சில மாதங்களில் உலர்ந்து கறுத்துக் கெட்டியாகும். ஆக, எல்லாமே ஓரம் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 15 வயதுப் பெண், கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல். ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம், சில நொடியில் அடங்குகிறது. எக்ஸ்ரேயில் சொத்தை டென்டினின் உள் கால்பங்குக்குப் போயிருக்கிறது, நரம்புக்கு முன் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது, வேர் நுனி சுத்தம். மரத்துப்போக ஊசி, எச்சில் வராமல் ரப்பர் டேம். எனாமலைத் திறந்ததும் தரைக்குப் போகாமல் முதலில் சுற்றுச்சுவர். மெதுவாகச் சுழலும் உருண்டைப் பர்ரால் எனாமலும் டென்டினும் சேரும் வளையத்தில் சுமார் 2 மி.மீ. அகலத்துக்கு, எக்ஸ்ப்ளோரரால் கீறினால் ‘கிறீச்’ என்று கேட்கும் வரை எடுக்க வேண்டும். நடுத்தரையில் பர் வேண்டாம், கை எக்ஸ்கவேட்டர் போதும். ஈரமாய்ப் பிசுபிசுப்பானதை அள்ளிவிட்டு, நரம்புக்கு மேலே அழுத்தினால் அமுங்குகிற படலத்தில் கையை நிறுத்த வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கறுத்த டென்டின் பெரும்பாலும் கெட்டியானது. சாயம் பூசிப் பார்ப்பதும் வேண்டாம். தாது மட்டும் இழந்த நல்ல டென்டினும் அதில் நிறமேறும், கை மீறிப் போகும். பிறகு எனாமல் ஓரத்தில் 15 நொடி ஆசிட், ஒட்டுவதற்குப் பாண்ட், அடைக்க 2 மி.மீ. அடுக்குகளாகக் காம்போசிட்.

தோற்பது பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு இடையே, ஈறு ஓரத்தில்தான். அங்கே ஒரு துளி ரத்தம் பட்டாலும் பாண்ட் பிடிக்காது. அந்த ஓரத்தில் எனாமலே மிச்சமில்லை என்றால் காம்போசிட்டுக்குப் பதில் கிளாஸ் அயனோமர் அடைப்பு நம்பகமானது. சுவர் சுத்தமாகாமல் தரை மட்டும் பளபளவென்றிருந்தால் வேலை தலைகீழாக நடந்திருக்கிறது என்று பொருள்.

ராத்திரி தானாக வலி எழுந்தாலோ, கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தாலோ இந்த வழி ஆகாது, ரூட் கெனால்தான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் செய்கிறோம், ஆனால் 15 வயதுப் பல்லுக்குத் தரும் உறுதியைத் தருவதில்லை. பிரேசில் ஆய்வின் பற்களும் பெரும்பாலும் இளவயதினருடையவை.

இன்னொன்று. விட்டுவைத்த படலம் எக்ஸ்ரேயில் நிழலாய்த் தெரியும். வேறு ஊரில் வேறு டாக்டர் ‘அடைப்புக்கு அடியில் சொத்தை’ என்று திறந்துவிடுவார். அதனால் அட்டையில் பல் எண், தேதி, ‘தரையில் மெத்தென்ற டென்டின் வேண்டுமென்றே விடப்பட்டது’ என்று எழுதி, அன்றைய எக்ஸ்ரே நகலையும் நோயாளி கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தில் நிழல் பெருகாமல், கூச்சமும் இல்லாமல், ஓரமும் மூடியிருந்தால் அந்தப் பல்லை மறுபடி தொட வேண்டியதில்லை.