நிற்க முடியாத பிள்ளையின் உயரம்: முழங்கையிலிருந்தா, முழங்காலிலிருந்தா?

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்து உச்சி முதல் குதிகால் வரை அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும், முதுகு வளைந்திருக்கும். அதனால் வளையாத ஓர் எலும்பை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறோம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

```
முழங்கால் உயரம்: உயரம் = (2.69 × அளவு) + 24.2
கெண்டைக்கால் எலும்பு: உயரம் = (3.26 × அளவு) + 30.8
முன்கை எலும்பு, ஆண்: உயரம் = (4.605 × அளவு) + (1.308 × வயது) + 28.003
முன்கை எலும்பு, பெண்: உயரம் = (4.459 × அளவு) + (1.315 × வயது) + 31.485
```

அளவெல்லாம் சென்டிமீட்டரில். முதல் இரண்டும் ஸ்டீவன்சன் 1995-இல் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளையே அளந்து உருவாக்கியவை. 12 வயது வரைக்கும்தான் பொருந்தும். முன்கைக் கணக்கு 2004-இல் ஆஸ்திரேலியாவில், நோயில்லாத 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்தது. யாரை அளந்து வந்த கணக்கு என்பதே என் தேர்வைத் தீர்மானிக்கிறது: 12 வயதுக்குள் என்றால் முதலில் கால்.

முழங்கால் உயரம் எடுக்க, பிள்ளையைத் திண்ணை விளிம்பிலோ நாற்காலியிலோ உட்காரவைத்து, முழங்காலையும் கணுக்காலையும் 90 பாகைக்கு மடக்க வேண்டும். நகரும் தாடை உள்ள அளவுகோலில் ஒரு தாடை குதிகாலுக்கு அடியில், மற்றது முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தொடையின் மீது. இந்த அளவுகோல் கடையில் கிடைக்காவிட்டால் ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்துகொள்ளலாம். இரண்டு தாடைகளும் கோலுக்குச் செங்குத்தாக நின்றால் போதும். தையல்காரர் டேப் வேண்டாம். அது நாளாக ஆக இழுபடும், முழங்கால் வளைவிலும் படியும்.

இந்த முறை தவறுவது கணுக்காலில். பாதம் கீழ்நோக்கி இறுகிய பிள்ளைக்குக் கணுக்கால் 90 பாகைக்கு வராது. அடித்தாடை குதிகாலில் படாமல் விரலடியில் முட்டும், அளவு கூடிவிடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒன்பதரை வயதுப் பையன். இடது கணுக்கால் சரியாக மடங்குகிறது, வலது மடங்கவில்லை. இடதுபக்கம் 35.0, உயரம் 118.4 வருகிறது. வலதுபக்கம் அதே தாடையில் 37.0 காட்டுகிறது, உயரம் 123.7. ஒரே பிள்ளைக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அத்தனையும் பாதத்தால் வந்தது.

இப்படிப்பட்ட காலுக்குக் கெண்டைக்கால் எலும்பே சரி. முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக எலும்பின் மேல்விளிம்பை விரலால் தேடிப் பேனாவால் புள்ளி வையுங்கள். உள்கணுக்கால் முண்டின் கீழ்விளிம்பில் இன்னொரு புள்ளி. இழுபடாத டேப்பால் நேராக அளக்க வேண்டும். பாதம் எப்படி இருந்தாலும் இந்த அளவு மாறாது. அதே வலது காலில் 27.0, உயரம் 118.8. இடதுகால் சொன்னதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் மேல்விளிம்பை அரை சென்டிமீட்டர் தவறவிட்டால் உயரத்தில் 1.6 போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் புள்ளியைப் புதிதாகத் தேடி மூன்று தடவை அளந்து, சராசரியை எழுதுவது நல்லது.

முன்கைக்குத் தாயோ அப்பத்தாவோ மடியில் வைத்திருந்தாலும் போதும். கையை மடக்கி, உள்ளங்கை கீழே பார்க்க மேசையில் வைத்து, முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு முண்டு வரை. எளிது என்பதால் பலர் இதையே முதலில் எடுக்கிறார்கள். ஆனால் இதில்தான் பெருக்கும் எண் பெரிது: ஒரு சென்டிமீட்டர் பிசகு உயரத்தில் ஏறக்குறைய நாலரை ஆகிவிடும். மணிக்கட்டு இறுகி வளைந்திருந்தால் முண்டு சரியாகத் தெரியாது. வயதும் சேர்கிறது, ஒன்பது வயது ஆறு மாதம் என்பது 9.5, 9.6 அல்ல. எலும்பு ஓராண்டாக வளராமலே இருந்தாலும் கணக்கு 1.3 கூட்டிக்கொடுக்கும், தேக்கத்தை மறைத்துவிடும்.

அதே பையனுக்கு முன்கை 17.6, உயரம் 121.5. கெண்டைக்கால் கணக்கை விட 2.7 அதிகம். கைகளைவிடக் கால்கள் அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் கால் எலும்பு பின்தங்குவதால் இப்படி வரலாம். எடை 15 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு முன்கைப்படி 10.2, கெண்டைக்கால்படி 10.6.

இரண்டு காலும் மாவுக்கட்டில் இருக்கும்போது, அறுவை ஆன காலில், 12 வயது தாண்டியபின் முன்கைதான் வழி. ஒருபக்க வாதத்தில் பாதிப்பு குறைந்த பக்கத்தை அளக்க வேண்டும். எதை எடுத்தாலும் அட்டையில் எலும்பின் பெயர், பக்கம், அளந்த எண் மூன்றையும் எழுதுங்கள். உயரத்தை மட்டும் எழுதி வைத்து, அடுத்த முறை வேறு எலும்பை அளந்தால், ஆறு மாதத்தில் பிள்ளை 2.7 சென்டிமீட்டர் வளர்ந்ததா, கணக்கு மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.