மஞ்சள் டொலர் விழுந்த திருவிழா வீடியோ: அப்படியே மேன்முறையீடா, வெட்டிவிட்டு மேன்முறையீடா, புதிதாக ஏற்றுவதா?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வீடியோவை இரவு பத்து மணிக்கு யூடியூபில் போட்டுவிட்டுப் படுத்தேன். அப்போது விளம்பரக் காசு வருமா என்று காட்டும் டொலர் அடையாளம் பச்சை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போனைத் திறந்தால் மஞ்சள். பச்சையாக இருந்தது பிறகு மஞ்சளாக மாறுவது புதினம் இல்லை, யூடியூபின் தானியங்கி இயந்திரம் போட்ட கையோடு ஒருதரம் பார்க்கும், அப்புறமும் திரும்பிப் பார்க்கும். மஞ்சள் என்றால் விளம்பரம் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பிரீமியம் சந்தாக்காரர்கள் பார்த்தால் அதற்கான பங்கு மட்டும் வரும்.

இந்த நேரத்தில் கையில் இருப்பது மூன்று வழி. ஒன்று, அப்படியே மேன்முறையீடாக யூடியூபில் ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்புவது. இரண்டு, யூடியூப் Studio-வுக்குள்ளேயே வெட்டி, மங்கலாக்கிவிட்டு அனுப்புவது. மூன்று, கம்ப்யூட்டரில் திரும்ப எடிட் பண்ணிப் புதிதாக ஏற்றுவது. முதல் இரண்டிலும் நான் கை வைத்தவன், மூன்றாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சாய்வு இரண்டாவதின் பக்கம்தான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். திருவிழா வீடியோ என்றால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடாமல் இருக்காது. அதற்காகப் பாட்டின் உரிமையாளர் பேரில் ஒரு கோரிக்கை விழுந்தால், பெரும்பாலும் விளம்பரம் ஓடும், ஆனால் காசு அவர்களுக்குப் போகும். அது Restrictions என்ற பத்தியில் Copyright என்று காட்டும். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து, அந்தப் பாட்டை அழிக்கவோ ஊமையாக்கவோ Studio-விலேயே இடம் இருக்கிறது. மஞ்சள் டொலர் பாட்டைப் பற்றியது இல்லை. 'இந்தப் படத்துக்குப் பக்கத்தில் தன் சவர்க்கார விளம்பரம் வருவதை ஒரு கம்பனி விரும்புமா' என்ற கேள்வியைப் பற்றியது. பாட்டு கோரிக்கைக்கு மஞ்சளுக்கான மேன்முறையீட்டைத் தேடிக்கொண்டு இருந்தால் நாள்தான் போகும்.

சரி, என் வீடியோவில் என்ன இருந்தது? மொத்தம் 24 நிமிடம். கரகம் பாலிப்பது, காவடி, லயத்துக்கு லயம் சாமி ஊர்வலம், எல்லாம் அழகு. ஆனால் நாலாவது நிமிடத்தில் ஆடு வெட்டு, ஐம்பது விநாடி, கேமராவைத் திருப்பாமல் எடுத்திருந்தேன். பதினோராவது நிமிடத்தில் பறவைக் காவடிக்கு முதுகில் கொக்கி குத்துவது, கிட்டத்தில், ஒரு துளி இரத்தம் வழிய. அதற்கு மேல், முகப்புப் படத்துக்கு நான் எடுத்துவைத்தது கன்னத்தில் அலகு குத்திய முகம், தலைப்பில் 'உடல் சிலிர்க்கும் இரத்தக் காட்சி'. இதைவிட நானாகவே மஞ்சள் சாயம் வாங்கிப் பூசியிருக்கலாம்.

விளம்பரதாரர்களுக்கான விதிகளில் அதிர்ச்சிக் காட்சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரத்தம், உடலைத் துளைப்பது, மிருகத்தைக் கொல்வது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் சடங்கை, பண்பாட்டை ஆவணமாகக் காட்டுகிறீர்கள் என்றால், அந்தச் சூழலையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே 'எங்கள் வழிபாட்டைக் காட்டவே கூடாதா' என்று கொதிக்கத் தேவையில்லை. இரத்தத்தையே தலைப்பாகவும் முகப்பாகவும் வைத்தால் சூழலைக் காட்டி வாதாட இடம் இருக்காது, அவ்வளவுதான்.

முதல் வழிக்கு வருவோம். வேலையே இல்லை. Studio-வில் Content, அங்கே Monetization பத்தியில் மஞ்சள் அடையாளத்தைத் தொட்டால் Request review வரும், தட்டினால் முடிந்தது. பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் வரும், ஒரு வாரம் வரையும் இழுக்கலாம். பார்ப்பவர் மனிதர். வீடியோ மட்டும் இல்லை, தலைப்பு, முகப்புப் படம், விளக்கம், டேக் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார். போன வருஷம் தீமிதி வீடியோவுக்கு நான் இதைத்தான் செய்தேன். மஞ்சளைக் கண்ட ஆத்திரத்தில் காலை ஆறு மணிக்கே தட்டிவிட்டேன். மறுநாள் பதில்: மஞ்சள் சரியே. அதிலும் ஒரு காலில் வெந்த கொப்புளத்தைக் கிட்டத்தில் காட்டியிருந்தேன், தீர்ப்பில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த இடத்தில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது, கொஞ்சம் நின்று வாசியுங்கள். ஒரு வீடியோவுக்கு மேன்முறையீடு ஒரே ஒரு தடவைதான். மனிதர் சொன்னால் அது இறுதி, அடையாளம் அதற்குப் பிறகு மாறாது. தீமிதி வீடியோவில் அந்தக் கொப்புளத்தை நான் பிறகு வெட்டினேன், தலைப்பையும் மாற்றினேன், இன்றைக்கும் அது மஞ்சள்தான். கையில் ஒரே ஒரு தோட்டா, அதை உறக்கக் கலக்கத்தில் சுட்டுவிட்டேன். ஆகவே வெட்டுவதா அனுப்புவதா என்பது கேள்வியே இல்லை, எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. வீடியோவில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை, கொழுந்து பறிப்பதையும் ரொட்டி சுடுவதையும் இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் முதல் வழி சரி.

இரண்டாவது வழியை இந்த வருஷம் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். Studio-வில் வீடியோவைத் திறந்தால் இடது பக்கத்தில் Editor என்று இருக்கும். போனில் இருக்கும் செயலியில் இதைத் தேடி அலையாதீர்கள், கம்ப்யூட்டர் வேண்டும், நான் மச்சானின் மடிக்கணினியை இரவல் வாங்கினேன். Trim & cut என்பதில் ஆடு வெட்டின் ஐம்பது விநாடியை எடுத்தேன். கொக்கி குத்தும் காட்சியை எடுக்க மனம் வரவில்லை, அந்தப் பையனின் அம்மா பக்கத்தில் நின்று கும்பிடுவது அதில்தான் இருக்கிறது. அதனால் Blur-இல் ஒரு சதுரம் போட்டு முதுகை மட்டும் மங்கலாக்கினேன். சதுரம் அசையும் உடம்போடு சரியாக ஓடவில்லை, அவன் குனிந்ததும் கொக்கி வெளியே தெரிந்தது, இரண்டு மூன்று தடவை சதுரத்தைப் பெரிதாக்கிப் போட வேண்டியிருந்தது. இதைப் பார்க்காமல் சேமித்துவிட்டால் வேலை வீண், கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

Save கொடுத்ததும் முடியவில்லை. மாற்றம் தயாராக மணிக்கணக்கில் ஆகும், அதுவரை எல்லோரும் பார்ப்பது பழைய வீடியோவைத்தான். எனக்கு மதியம் கொடுத்தது பொழுது சாய்ந்துதான் வந்தது. அந்த இடைவெளியில் முகப்புப் படத்தைக் கரகத்துக்கு மாற்றினேன், தலைப்பை 'எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா' என்று சாதாரணமாக வைத்தேன், எந்தத் தோட்டம், எந்தச் சடங்கு எதற்காக என்று விளக்கத்தில் நாலு வரி எழுதினேன். புது வடிவம் ஓடுவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் Request review. மறுநாள் பின்னேரம் பச்சை. பழைய வடிவம் ஓடிக்கொண்டு இருக்கும்போதே அனுப்பியிருந்தால் அந்த மனிதர் ஆட்டைத்தான் பார்த்திருப்பார்.

மூன்றாவது வழியில் நிறையப் பேருக்கு ஆசை. 'அழித்துவிட்டுத் திரும்பப் போடு, இயந்திரம் ஏமாந்துவிடும்' என்று சொல்லும் அண்ணன்மார் ஒவ்வொரு டவுனிலும் இருக்கிறார்கள். ஏமாறாது, அதே காட்சி இருந்தால் அதே இயந்திரம் அதே மஞ்சளைத்தான் போடும். அழித்துத் திரும்ப ஏற்றாதீர்கள் என்று யூடியூபே சொல்கிறது. ஆனால் என்னைத் தடுத்தது அது கூட இல்லை, கவரேஜ். எங்கள் லயத்தில் மலை பக்கம் இருக்கும் ஜன்னலில் போனை வைத்தால்தான் சிக்னல் வரும். 24 நிமிட வீடியோவை ஏற்ற ஒரு முழு இரவும், கணிசமான டேட்டாவும் போகும், மழை இருட்டினால் நடுவில் நின்றுவிடும். Editor-இல் வெட்டுவது அவர்கள் பக்கத்தில் நடக்கிறது, நமக்குப் போவது பார்த்துப் பார்த்து வெட்டும் டேட்டா மட்டும்.

இணைப்பு மாறுவது இன்னொரு வலி. திருவிழா வீடியோவைப் பார்ப்பவர்கள் கொழும்பில் கடையில் நிற்பவர்கள், கட்டாரில் இருப்பவர்கள். அவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் இணைப்பு முதல் இரவே போய்விடும், கமெண்டில் 'அது எங்க பெரியப்பா' என்று எழுதி முடித்திருப்பார்கள். இரண்டாவது வழியில் இணைப்பு, பார்வை, கமெண்ட் எல்லாம் அப்படியே நிற்கும். பக்கத்து டிவிஷன் தம்பி ஒருவன் போன வருஷம் காட்சியை வெட்டி எடுத்துவிட்டு, பழையதை அழித்துத் திரும்பப் போட்டான். புதியது பச்சைதான், ஆனால் ஊரே பார்த்து முடித்த வீடியோவுக்குப் பச்சை வந்து என்ன? ஒன்பதாயிரம் பார்வை போனது, புதியது ஆயிரத்தைத் தாண்ட ஒரு மாதம் எடுத்தது.

மூன்றாவதுக்கும் ஒரு இடம் இருக்கிறது. பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை, படம் நன்றாக இருக்கிறது, ஒலியை மட்டும் ஒரு விநாடி ஊமையாக்க வேண்டும் என்றால் Trim படத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்படி இருபது இடம் என்றால் வீட்டில் எடிட் பண்ணிப் புதிதாகப் போடுவதே சுத்தம். மேன்முறையீட்டில் தோற்றுப்போன வீடியோவுக்கும் அதுதான் மிச்சம். எனக்கு அனுபவம் மூன்று நாலு வீடியோதான், எல்லாமே திருவிழா. அரசியல், விபத்து, ஆர்ப்பாட்டம் எடுப்பவர்களுக்கு இதே மாதிரி நடக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது காமன் கூத்தை வேறு மாதிரிப் போட்டேன். Private-ஆக ஏற்றினேன், ஏற்றும்போது வரும் கேள்விப் பட்டியலில் முன்பு போல எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டாமல் உள்ளதைச் சொன்னேன், ஏனென்றால் நம் பதில் எவ்வளவு சரியாக வருகிறது என்று அவர்கள் கணக்கு வைக்கிறார்கள், சரியாக வந்தால் நம் சொல்லை நம்புவார்கள். பிறகு Checks முடிந்து விளம்பரத்துக்குச் சரி என்று காட்டும்வரை வெளியே விடவில்லை. அப்படி முன்கூட்டியே பார்த்தால் மஞ்சள் வந்தாலும் முதல் மூன்று நாள் பார்வை வீணாகாது, ஆறுதலாக வெட்டலாம்.

அந்த ஐம்பது விநாடி ஆடு வெட்டு? கோயில் பெரியவர் கேட்டார், 'முக்கியமானதையே எடுத்துட்டியே தம்பி' என்று. முழு வீடியோவையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டு டிவியில் அது வெட்டாமல் ஓடுகிறது.