அடுப்படிப் படத்தில் இருப்பது மூஞ்சூறா, எலியா?

ராத்திரி சிலிண்டர் பக்கத்தில் ஓடியதைப் போனில் எடுத்த படம் என்றால், முதலில் மூக்கைப் பாருங்கள். மூஞ்சூறின் மூக்கு கூராக நீண்டு, கீழ்த்தாடையைத் தாண்டி முன்னால் நிற்கும். எலிக்கு முகம் அங்கேயே முடிந்துவிடும். மூஞ்சூறின் கண் கடுகளவுதான், காது தலையோடு ஒட்டிக் கிடக்கும். சுண்டெலிக்கோ உடம்புக்குப் பெரிய காது, உருண்டைக் கண்.

தலை மங்கலாக விழுந்திருந்தால் வாலைப் பாருங்கள். மூஞ்சூறின் வால் அடியில் தடித்து நுனியில் மெலியும். அதில் நீளமான முடிகள் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருக்கும். எலி வாலில் அப்படி நீட்டிய முடிகள் இருக்காது.

சரி, எலிதான் என்றால் எந்த எலி? வீட்டெலியின் வால் தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிடக் கூடுதல். பெருச்சாளிக்கு வால் அதைவிடக் குட்டை, மூக்கு மழுங்கல், உடம்பு பருமன். வால் சுருண்டிருக்கும் படத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். குட்டி எலியைச் சுண்டெலி என்று நினைப்பதும் சகஜம். குட்டிக்குத் தலையும் பின்னங்காலும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும்.

மூஞ்சூறு என்று தெரிந்தால் தயவுசெய்து விஷம் வைக்காதீர்கள். அது கரப்பான், பூச்சிகளைத் தின்னும் பிராணி. கதவைத் திறந்து வையுங்கள், சுவரோரமாகவே வெளியே போய்விடும். எலி என்றால்தான் பொறிக்கு வேலை.