வெறும் வருகைக் கையெழுத்து, 23,600 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் சரக்கை வண்டியிலிருந்து இறக்கினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு வியாபாரிகள் சங்கம் நடத்திய பொருட்காட்சி. பெயர் வேண்டாம்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்பவன் நான். ஸ்டால் வாடகை 20,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. நுழைவாயிலை ஒட்டி, இரண்டு பக்கமும் திறந்த மூலை ஸ்டால், எண் 4. செயலாளர் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, "அண்ணே, வாசல்ல உங்க விளக்கு நின்னாத்தான் மங்களகரமா இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஒதுக்கீட்டுக் கடிதம்கூடக் கேட்கவில்லை.

தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கடைக்காரர்கள் கூட்டம். டீ, போண்டா, அப்புறம் தீர்மான நோட்டு. "வந்ததுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." பக்கத்தின் மேலே தேதி, நடுவில் அரைப்பக்கம் வெற்றிடம், கையெழுத்துகள் கீழே. பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

முதல் நாள் போனால் ஸ்டால் எண் 61. கடைசி வரிசை, ஜெனரேட்டர் பக்கத்தில். பளபளவென்று தேய்த்து வைத்த பித்தளை மேல் சாயங்காலத்துக்குள் கரிப்படலம். துணியால் துடைப்பதே வேலையாகிவிட்டது. அன்றைக்கு விற்றது ஒரே ஒரு காமாட்சி விளக்கு.

பொருளாளர் செயலாளரைக் கை காட்டினார். அவர் ஒதுக்கீட்டுக் குழுவைக் கேளுங்கள் என்றார். குழுக்காரர், "எல்லாம் தீர்மானப்படிதான்." மூன்றாம் நாள் நோட்டைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெற்றிடம் நிரம்பியிருந்தது. "கூடுதல் தொகை தருவோருக்கு மூலை ஸ்டால்களை மாற்றி ஒதுக்கவும், கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதற்கும் வந்திருந்த கடைக்காரர்கள் ஒருமனதாகச் சம்மதித்தனர்." கடைசி இரண்டு வரிகளில் இடம் போதாமல் எழுத்து எறும்பாகச் சுருங்கியிருந்தது. அதன் கீழே மூன்றாவதாக என் கையெழுத்து!

அடுத்த பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த புகாருக்கும் ஒரு வரி: "61ஆம் ஸ்டால் புகார், பேசித் தீர்க்கப்பட்டது." என்னிடம் யார் பேசினார்கள்? நகல் கேட்டேன். "நீங்க சங்க உறுப்பினர் இல்லையேண்ணே" என்று நோட்டை மூடிவிட்டார். 23,600 ரூபாய்க்கு அதுதான் பதில்.

என்ன செய்யலாம் என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் 'வருகைக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டால் எண் எழுதிய கடிதம் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள். ரசீதில் 33ல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் ரசீதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், எண்ணே இல்லை. அந்த 3,600 எங்கே போனதோ.