யூவி ப்யூரிஃபையரில் தண்ணீர் திடீரென்று வேகமாக வருகிறதா? குடிக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் யூவி விளக்கு வைத்த வாட்டர் ப்யூரிஃபையர் இருந்து, சர்வீஸ் ஆள் வந்து போன பிறகு தண்ணீர் முன்பைவிட நன்றாகக் கொட்டுகிறது என்றால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பணம் போனது கூடப் பரவாயில்லை, அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்தார்கள் என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் சம்ப்பில் கலந்து மேல் டேங்குக்குப் போகும், கோடையில் லாரித் தண்ணீரும் சேரும். உப்பு அதிகம் இல்லை என்பதால் ஆர்.ஓ. வேண்டாம் என்று யூவி மட்டும் உள்ள மெஷின் போட்டிருந்தோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அதன் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்து நூல் மாதிரி வரத் தொடங்கியதும் கம்பெனிக்குப் போன் செய்தோம். வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, "இப்ப பாருங்க மேடம், எப்படி ஃபோர்ஸா வருது!" என்று குழாயைத் திறந்து காட்டினார். முன்பக்க ஃபில்டர், கார்பன், யூவி விளக்கு மூன்றும் மாற்றியதாக பில். கொடுத்தோம்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது, கிணற்றுத் தண்ணீர் கலங்கியது. வீட்டில் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு, அது நிற்பதற்குள் பெரியவளுக்கு, பிறகு அத்தைக்கு. டாக்டர் முதலில் கேட்டதே என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான். ப்யூரிஃபையர் தண்ணீர்தான் டாக்டர், இப்போதுதான் சர்வீஸ் செய்தோம் என்றேன்.

என் பெரியப்பா மகன் குடிநீர் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்தவர். அவர் வந்ததும் மெஷினைத் திறக்கவே இல்லை. "ஒரு லிட்டர் பாட்டிலை வை, போன்ல டைம் பாரு" என்றார். 12 விநாடியில் நிரம்பிவிட்டது. அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் மெஷினில் ஒரு லிட்டர் நிரம்ப 30 விநாடியாவது ஆக வேண்டும்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. யூவி விளக்கு தண்ணீரை வடிகட்டுவதில்லை. குழாய்க்குள் தண்ணீர் விளக்கைக் கடந்து போகும் அந்தச் சில விநாடிகளில் அதன் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைக்கிறது, அதற்குப் பிறகு கிருமியால் பெருக முடியாது. கதிர் எவ்வளவு வலுவாக விழுகிறது, எவ்வளவு நேரம் விழுகிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கிருமிக்குக் கிடைக்கும் அளவு. சுத்தமில்லாத தண்ணீரை நம்பிக் குடிக்க வேண்டுமானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் கிடைக்க வேண்டும் என்பது வீட்டு யூவி மெஷின்களுக்கான என்.எஸ்.எஃப் 55 தரத்தின் முதல் வகுப்பு. எங்கள் மெஷின் 2 லிட்டர் ஓட்டத்தில் அந்த 40-ஐக் கொடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 5 லிட்டர் ஓடினால் தண்ணீர் விளக்கடியில் நிற்கும் நேரம் இரண்டரை மடங்கு குறைகிறது, 40 என்பது 16 ஆகிவிடுகிறது. அதே தரத்தின் இரண்டாம் வகுப்பு 16-தான், ஆனால் அது ஏற்கெனவே பாதுகாப்பானது என்று சோதித்துக் கொடுத்த தண்ணீருக்குக் கூடுதல் காவலாக மட்டும் சொல்லப்பட்டது, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு இல்லை. சாதாரண பாக்டீரியாவில் பெரும்பகுதி 16-லேயே அடங்கிவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும் ரோட்டா வைரஸ் மாதிரி உள்ளவற்றை முழுதாக அடக்க 35, 40 வரை வேண்டியிருக்கும்.

இதோடு கலங்கல் சேர்கிறது. விளக்குக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் 2 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கதிரில் 5 சதவீதத்தைத்தான் விழுங்குகிறது என்றால், சுவர் ஓரத்துக்கு 90 சதவீதம் போய்ச் சேரும். கலங்கல் 30 சதவீதத்தை விழுங்கினால் சுவர் ஓரத்துக்குப் போவது பாதிதான், ஆக அந்த 16-ம் அங்கே 8 ஆகிறது. போதாததற்கு மண் துகளின் மறைவில் ஒட்டிக்கொண்டு போகும் கிருமி மேல் கதிர் விழுவதே இல்லை, குடைக்கடியில் நடப்பவன் நனையாத மாதிரி. இந்திய தர நிர்ணயத்தில் குடிநீருக்குக் கலங்கல், அதை அளக்கும் என்.டி.யூ. என்ற அலகில், 1-க்குள், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை என்று இருக்கிறது. யூவிக்குப் போகும் தண்ணீரை 1-க்குள் வைத்திருப்பதுதான் நல்லது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது, கரைந்த இரும்பும் இலைதழைச் சாறும் கூடக் கதிரை விழுங்கும்.

சரி, 2 லிட்டர் மெஷினில் 5 லிட்டர் எப்படி வந்தது? மூடியைக் கழற்றினோம். உள்ளே போகும் மெல்லிய குழாயில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு இருக்க வேண்டும். ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்பார்கள், உள்ளே ஊசித் துளை, வெளியே அம்புக்குறி. அது இல்லை. அந்த இடத்தில் சாதாரண கனெக்டர் ஒன்றைச் சொருகி வைத்திருந்தார். அதைவிட என்னை அதிர வைத்தது முன்பக்க ஃபில்டர். மழைக்காலம் முழுக்கக் கலங்கல் தண்ணீர் ஓடிய கேட்ரிட்ஜ் பால் வெள்ளையாக இருந்தது! பார்த்தால் அடியில் ரப்பர் வாஷரே போடவில்லை. தண்ணீர் கேட்ரிட்ஜுக்குள் போகாமல் ஓரமாகச் சுற்றி மண்ணோடு நேராக விளக்குக்குப் போயிருக்கிறது. புதிது என்று பில் போட்ட விளக்கின் முனை கறுத்திருந்தது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் நகத்தால் சுரண்டும் அளவுக்குச் சுண்ணாம்புப் படிவு. அதுவும் கதிரை மறைக்கும்.

நீல வெளிச்சம் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீலம் கூடவே வரும் வெளிச்சம், ஒரு வருடத்துக்கு மேல் எரிந்து கதிர் நலிந்த விளக்கிலும் அது பளிச்சென்றுதான் இருக்கும். முன்பக்கப் பச்சை லைட்டும் பல மெஷின்களில் விளக்குக்கு மின்சாரம் போகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

அண்ணன் எச்2எஸ் பாட்டில்கள் கொண்டுவந்தார், மலம் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிக்கும் சின்னச் சோதனை. ஒன்றில் டேங்க் தண்ணீர், ஒன்றில் ப்யூரிஃபையர் தண்ணீர். மறுநாள் இரண்டுமே மை மாதிரி கறுத்துவிட்டன. ரெஸ்ட்ரிக்டர், வாஷர், புது விளக்கு போட்டு, குவார்ட்ஸ் குழாயை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்த பிறகு மறுபடி பார்த்தோம். டேங்க் தண்ணீர் கறுத்தது, ப்யூரிஃபையர் தண்ணீர் கறுக்கவில்லை.

உங்கள் வீட்டில் இன்றே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து நேரம் பாருங்கள், ஸ்டிக்கரில் உள்ள அளவைவிடச் சீக்கிரம் நிரம்பினால் குடிக்காதீர்கள். மெதுவாக வந்தால் கதிர் கூடத்தான் கிடைக்கும், அதனால் பயமில்லை, அடைத்த கேட்ரிட்ஜை மாற்றினால் போதும். சர்வீஸ் ஆள் கழற்றிய பழைய பொருள்களை மேஜை மேல் வைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். விளக்கை நீங்களே பார்ப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும், எரியும்போது பார்த்தால் கண் புண்ணாகிவிடும். தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள், மெஷினை நம்ப வேண்டாம்.

கம்பெனியில் கேட்டதற்கு "நீங்கதானே ஸ்பீடு கம்மின்னு சொன்னீங்க" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பில், போட்டோக்களோடு புகார் கொடுத்த பிறகு விளக்குக்கும் ஃபில்டருக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பினார்கள். ரெஸ்ட்ரிக்டரை ஏன் எடுத்தார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, புகாரை நான் மூடவும் இல்லை.