தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது: ஈரோட்டு உணவுக் கம்பெனியில் சில வருட அனுபவம்

ஈரோடு பக்கம் ஒரு நடுத்தர உணவுப் பொருள் கம்பெனியில் திட்டமிடும் வேலை என்னுடையது. மசாலாத் தூள், பருப்புப் பொடி, சத்துமாவு எல்லாம் செய்கிறோம். புதுப் பொருள் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவரும்போது, கடைக்கு வரும் தேதியை முதலில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணி ஒவ்வொரு வேலைக்கும் நாள் குறிப்பதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். பொதுவாகச் சொன்னால் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சில இடங்களில் காலை வாரும். 2025-இல் கடைக்கு விட்ட சிறுதானியச் சத்துமாவை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வரவேண்டிய நாள் ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. ஆடி முடிந்து ஆவணி பிறந்தபிறகுதான் எங்கள் பக்கம் புதிதாக எதையும் தொடங்குவார்கள். டீலர்களும் ஆடியில் புதுச் சரக்கு எடுக்கத் தயங்குவார்கள். 27-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி என்பதால் அதற்கு மறுநாள் என்று முதலாளி முடிவு செய்தார்.

25, 26 தேதிகளில் வேன் கடைகளுக்குப் போகவேண்டும். அப்படியென்றால் 23-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் டீலர் குடோனில் சரக்கு இருக்கவேண்டும். அதற்கு முன் 20, 21, 22 மூன்று நாளும் காலி. ஏதாவது தாமதமானால் தாங்குவதற்காக எந்த வேலையும் எழுதாமல் விட்ட கைக்காவல் நாட்கள் அவை. பேக்கிங்குக்கு நான்கு வேலை நாள். 15 சுதந்திர தினம், 17 ஞாயிறு, இரண்டையும் தள்ளினால் 14, 16, 18, 19. ஆக, அச்சடித்த பவுச் ஆகஸ்ட் 13 மாலைக்குள் எங்கள் கையில் இருக்கவேண்டும்.

இங்கேதான் நாள் தின்னும் வேலை இருக்கிறது. கோவையில் பவுச் அடிப்பவர், “அதெல்லாம் குடுத்தரலாமுங்க” என்றார். எதிலிருந்து எத்தனை நாள் என்று கேட்டதும், டிசைனில் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து பதினைந்து வேலை நாள் என்று தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சிலிண்டர் வெட்டவேண்டும். பிறகு அச்சு, லேமினேஷன், ஒட்டுப்பசை இறுகும்வரை ரோலை அப்படியே வைத்திருப்பது, அதன்பின் பவுச்சாக வெட்டி ஒட்டுவது. பசை இறுகும் நேரத்தைப் பணம் கொடுத்தாலும் குறைக்க முடியாது. அவசரப்பட்டு வெட்டினால் படலம் பிரிந்து வரும். ஆகஸ்ட் 13-இலிருந்து பதினைந்து வேலை நாள் பின்னால் போனால் ஜூலை 26 வருகிறது. அதற்கும் முன் நான்கு நாள் காவல் வைத்தால், லேபிள் கையெழுத்தாக வேண்டிய நாள் ஜூலை 22.

எண்ணுவதற்கு விரல் வேண்டாம், ஷீட்டே போதும்:

```
=WORKDAY.INTL(B2,-15,11,Holidays)
```

B2-வில் பவுச் வரவேண்டிய தேதி. 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. வெறும் `WORKDAY` போட்டால் சனிக்கிழமையையும் விடுமுறையாக்கிவிடும், சனியும் ஓடும் நம்ம ஊர் ஆலைகளுக்கு அது ஒத்துவராது. `Holidays` என்ற பட்டியலை ஒன்றாக வைக்காமல் ஒவ்வொரு சப்ளையருக்கும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மாதாந்திர மின் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் அச்சகப் பகுதிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அந்த வருடம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் தப்பித்தோம், வேலை நாளில் வந்திருந்தால் பாதி ஆட்கள் காவிரிக் கரையில் இருந்திருப்பார்கள்.

லேபிளுக்கு முன்னால் ஆய்வக அறிக்கை. ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு மாதிரியை அனுப்பினால் நாங்கள் அனுப்பும் ஆய்வகத்தில் பத்து வேலை நாள் ஆகும். கையெழுத்துச் சுற்றுக்கு ஏழு நாள் ஒதுக்கி, ஜூலை 14-க்குள் அறிக்கை வேண்டும் என்று வைத்தால், மாதிரி ஜூலை 2-இல் கிளம்பவேண்டும். அதாவது கலவை விகிதம் ஜூலை 1-க்குப் பிறகு மாறக்கூடாது. ஆகஸ்ட் கடைசியில் கடைக்கு வரும் மாவுக்கு முந்திரி எத்தனை கிராம் என்பதை ஜூன் முடியும்போதே முடிவு செய்தாக வேண்டும் என்பது, முன்னோக்கித் திட்டம் போடுகிறவர் கண்ணில் படவே படாது.

கையெழுத்து விஷயத்தில் நான் கற்ற இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு ஆளின் பெயர். ‘தரப்பிரிவு’ என்று எழுதிய வரி எங்கள் ஷீட்டில் எப்போதும் தாமதமாகத்தான் முடிந்திருக்கிறது. வேலையை முடிக்கிறவர் வேறு, ஒப்புதல் தருகிறவர் வேறு. லேபிளில் வரும் பொருட்களின் வரிசை, ஒவ்வாமை எச்சரிக்கை, பதினான்கு இலக்க உரிம எண் இதெல்லாம் தர மேலாளர் பெயரில். டிசைனும் நிறமும் விற்பனை மேலாளர் பெயரில். அரசின் உணவு உரிமத் தளமான FoSCoS-இல் உரிமத்தோடு புதிய பொருள் வகையைச் சேர்க்கும் விண்ணப்பம் வெளி அலுவலகத்தின் கையில் இருந்தாலும், அதைத் தினமும் திறந்து கேள்வி வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர் எங்கள் கணக்குப் பிரிவுத் தம்பிதான். எனவே அந்த வரியில் அவர் பெயர். ஒவ்வொருவரும் லீவு போட்டால் பார்க்கவேண்டிய மாற்று ஆள் யார் என்பது பக்கத்துக் கட்டத்தில்.

டிசைனைப் பொறுத்தவரை இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். சட்டப்படி லேபிளில் இருக்கவேண்டிய வரிகளுக்கு இந்த விதி கிடையாது. அங்கே மௌனம் சம்மதம் ஆகாது, கையெழுத்து வந்தே தீரவேண்டும்.

இரண்டாவது, கையெழுத்துக்கு ஏற்ற மாதம் ஆடிதான். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் முதலாளி பாதி நாள் கோபியிலோ காங்கேயத்திலோ ஏதாவது கல்யாண மண்டபத்தில் இருப்பார். போனில் படம் அனுப்பினால் “நல்லாருக்குதுங்க, பண்ணிருங்க” என்று வரும். பிறகு அச்சான பவுச்சைப் பார்த்துவிட்டு “இந்தப் பச்சையா?” என்பார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆள் அலுவலகத்தில் இருப்பார். அந்த வருடம் ஆடி பிறந்தது ஜூலை 17, எங்கள் கையெழுத்துச் சுற்றின் நடுவே. ஆவணியில் விடவேண்டும் என்ற கட்டாயமே இப்படி எங்களுக்கு வசதியாகிவிட்டது.

விலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எம்.ஆர்.பி. முடிவாகக் கடைசி நாள்வரை இழுப்பார்கள். அது லேபிளில் அச்சாகும் விஷயம் என்றால் சிலிண்டரே காத்திருக்கவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த நிறத்துச் சிலிண்டரைத் திரும்ப வெட்டவேண்டும். அதனால் பவுச்சின் பின்பக்கம் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு, எம்.ஆர்.பி., ஒரு கிராமின் விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாவற்றையும் பேக்கிங் லைனில் இங்க்ஜெட் மெஷினால் அடிக்கிறோம். விலைக்கான ஒப்புதல் ஜூலை 22-இலிருந்து ஆகஸ்ட் 13-க்குத் தள்ளிப் போனது. இதனால் இன்னொரு லாபம் பின்னால் தெரிந்தது. அந்த வருடம் செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி விலையைத் திருத்தவேண்டி வந்தபோது, அலமாரியில் இருந்த காலி பவுச் ஒன்றுகூட வீணாகவில்லை.

சரி, காவல் நாட்கள் எங்கே போயின? ஜூலை 17 அன்று தர மேலாளர் லேபிளையும் உற்பத்திச் சீட்டையும் ஒப்பிட்டபோது, சீட்டில் முந்திரி குறைந்து நிலக்கடலை ஏறியிருந்தது தெரிந்தது. செலவைக் குறைக்க உற்பத்தியில் மாற்றியிருந்தார்கள். எடை வாரியாகப் பொருட்களை இறங்குவரிசையில் எழுதவேண்டும் என்பதால் வரிசையே மாறும், ஊட்டச்சத்து அறிக்கையும் செல்லாது. மறுபடி ஆய்வகம் என்றால் பத்து நாள். காவலில் இருப்பதோ நான்கு நாள். ஆகவே கேள்வி எளிதாகிவிட்டது: பழைய விகிதத்துக்குத் திரும்புவதா, தேதியைத் தள்ளுவதா? கிலோவுக்கு ஆகும் கூடுதல் செலவை வைத்து வாக்குவாதம் நடந்து, பழைய விகிதமே என்று முடிவானது. கையெழுத்து விழுந்தது ஜூலை 25. நான்கில் மூன்று போய்விட்டது. ஷீட்டில் இந்த எண்கள் இல்லாவிட்டால் ‘ரெண்டையும் பார்த்துக்கலாம்’ என்று ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது பேக்கிங். ஆகஸ்ட் 14 முதல் நாளே மேல் சீல் பிடிக்கவில்லை. பவுச்சைத் தண்ணீரில் அமுக்கினால் மூலையில் குமிழி வந்தது. சீலின் சூட்டை ஏற்றியும் பலனில்லை, படலம்தான் சுருங்கியது. காரணம் மாவு. மசாலாத் தூளைவிட இது மெல்லியது, கொட்டும்போது பறந்து சீல் விழும் இடத்தில் படிந்துவிடுகிறது. கொட்டும் குழாயைப் பவுச்சுக்குள் இன்னும் கீழே இறக்கி, மெஷின் வேகத்தைக் குறைத்தபிறகு குமிழி நின்றது. வேகம் குறைந்ததால் பேக்கிங் 21-ஆம் தேதிதான் முடிந்தது. கடைசி மூன்று காவல் நாளில் இரண்டு போய், ஒன்று மிச்சம். 23-ஆம் தேதி குடோன், 28 கடை. தேதி அசையவில்லை.

காவல் நாட்களை ஒவ்வொரு வேலையிலும் ஒன்றொன்றாகப் பங்கிடாமல் இரண்டே இடத்தில் குவித்து வைப்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சிலிண்டர் வெட்டுவதற்கு முன் ஒன்று, ஏனென்றால் அதற்குப் பிறகு திருத்தினால் பணம் போகும். சரக்கு கிளம்பும் முன் ஒன்று. வேலைக்குள் ஒளித்த நாள் எப்படியும் செலவாகிவிடும், மீந்ததாக யாரும் திருப்பித் தந்ததில்லை. எங்களிடம் காவல் நாளை எடுக்க முதலாளியிடம்தான் கேட்கவேண்டும். எடுத்த நாளும் காரணமும் ஷீட்டில் ஏறும்.

பிடிக்காதவையும் இருக்கின்றன. பின்னோக்கி எண்ணினால் கிடைப்பது கடைசித் தேதி. ஆட்கள் அதையே தொடங்கும் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். இதற்காகத் தொடங்கும் தேதி, கடைசித் தேதி என்று இரண்டு நிரல் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

இன்னொன்று, எத்தனை நாள் ஆகும் என்றே தெரியாத வேலைக்கு இந்த முறை உதவாது. சுவை சரியாக வரும்வரை கலவையைத் திருத்திக்கொண்டிருக்கும் கட்டத்தில் பின்னோக்கி எண்ணினால் பொய்த் தேதிதான் வரும். கலவை உறுதியாகும்வரை முன்னோக்கிப் போய், அது முடிந்தபிறகே வெளியிடும் தேதியைச் சொல்லும்படி கேட்கிறேன். சில சமயம் கேட்கிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் முதல் வேலையின் தேதி ஏற்கெனவே கடந்துபோயிருப்பதும் நடக்கும். சத்துமாவை ஆறு மாதம்வரை பயன்படுத்தலாம் என்று பவுச்சில் கெடு போட ஆசைப்பட்டோம். அத்தனை மாதம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க மாதிரியைப் பிப்ரவரியிலேயே அலமாரியில் வைத்திருக்கவேண்டும், நாங்கள் உட்கார்ந்து எண்ணியது மே மாதம். அப்போது எல்லார் கண்ணும் காவல் நாட்கள் மேல்தான் போகும். ஏழு நாளையும் எடுத்தாலும் மூன்று மாதப் பற்றாக்குறைக்கு அது எந்த மூலைக்கு? கெடுவை மூன்று மாதமாகக் குறைத்தோம். டீலர்கள் முனகினார்கள். ஆறு மாத மாதிரி இன்னும் அலமாரியில் ஓடிக்கொண்டிருந்தது, முடிவு வந்தபின் தேதியை இங்க்ஜெட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த பொருளின் ஷீட்டில் ஒரு வரி புதிதாக ஏறியிருக்கிறது: கலவை உறுதியான மறுநாள், அச்சில்லாத வெறும் பவுச் நூறு வாங்கி உண்மையான மாவைப் போட்டுச் சீல் ஓட்டிப் பார்ப்பது. பொறுப்பு பேக்கிங் மேற்பார்வையாளர், மாற்று ஆள் மெஷின் ஃபிட்டர், ஒதுக்கியது இரண்டு நாள்.