பேசிப் புரியவைப்பதா, கற்றை வெளுத்துக் காட்டுவதா?

தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் கலியாண மாதங்களிலும் பார்லருக்கு வருகிற இளம் பெண்கள் பலர் போனில் ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். வேரிலிருந்து நுனிவரை சாம்பல் கலந்த பொன்னிறம். இடுப்புவரை இருக்கிற கறுப்பு முடியில் ஒரே நாளில் அது வராது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? இரண்டு வழிகள் உண்டு. உட்காரவைத்து, படங்களையும் கலர் சார்ட்டையும் வைத்துப் பேசுவது ஒன்று. அவருடைய தலையிலிருந்தே ஒரு சிறு கற்றையை எடுத்து வெளுத்து, கையில் கொடுப்பது மற்றது. ஹட்டனில் பார்லர் நடத்துகிற நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இப்போது பிளீச் தேவைப்படுகிற எந்த வேலைக்கும் கற்றைச் சோதனை இல்லாமல் நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

பேச்சில் இருக்கிற வசதி தெரிந்ததுதான்: பத்து நிமிடம் போதும், செலவில்லை. முடியைக் குறைப்பதற்கும், இருக்கிற நிறத்தைவிடக் கொஞ்சம் கருமையாக்குவதற்கும் அதுவே போதும். ஆனால் வெளுக்கிற விஷயத்தில் பேச்சுக்குத் துணையாக வருகிற பொருட்களே ஆளை ஏமாற்றுகின்றன. கலர் சார்ட்டில் ஒட்டியிருக்கிற கற்றைகள் பெரும்பாலும் வெள்ளை நைலோன் நாரில் சாயம் ஏற்றியவை. போன் படத்தில் ஒளியும் பில்டரும் பாதி வேலையைச் செய்திருக்கும், சிலவற்றில் ஒட்டு முடியும் இருக்கும். இவற்றைக் காட்டி "உங்களுக்கு இப்படி வராது" என்று சொன்னால், அது நம்முடைய கை போதாமை என்றுதான் கேட்பவருக்குப் படுகிறது. அடுத்த தெருவில் வேறொருவர் "வரும்" என்று சொல்லிவிட்டால் அங்கே போய்விடுவார்.

ஏன் வராது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணுவோம். 1 கறுப்பு, 10 மிக வெளிர் பொன். நம்முடைய பெண்களின் முடி பொதுவாக 1 அல்லது 2. பிளீச் போட்டால் அது நேராக வெள்ளைக்குப் போகாது. முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில்தான் வெளிர் மஞ்சள். சாம்பல் பொன்னிறம் உட்கார அந்தக் கடைசிப் படி, அதாவது 9 அல்லது 10 வேண்டும். செம்மஞ்சளில் நிற்கிற முடிமேல், வெளுத்த முடிக்குக் கடைசி நிறம் கொடுக்கிற சாம்பல் டோனரைப் போட்டால் மங்கிய பழுப்புத்தான் கிடைக்கும். இன்னொன்று, புதுச் சாயம் பழைய சாயத்தைக் கிளப்பாது. ஏற்கெனவே கறுப்புச் சாயம் ஏறிய முடி, சாயம் படாத கறுப்பு முடியைவிடப் பிடிவாதமானது.

என்னைக் கற்றைச் சோதனையின் பக்கம் கொண்டுவந்தது இந்தப் பழைய சாயம்தான். பேச்சினால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. "முன்பு கலர் போட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். பொய் சொல்வதில்லை. வீட்டில் அம்மா நரைக்குப் போடுகிற கறுப்பு மருதாணிப் பக்கெட்டில் மிஞ்சியதைத் தலையில் பூசியதை யாரும் கலர் என்று கணக்கெடுப்பதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. 60 சென்ரிமீற்றர் நீளமான முடியின் நுனி கிட்டத்தட்ட 4 வருடம் பழையது. அந்த 4 வருடத்தில் தலையில் பட்டதெல்லாம் அந்த முடியில் இருக்கிறது. வாய் மறந்துவிடும், முடி மறக்காது. இப்போது கேள்வியையும் மாற்றிக்கொண்டேன்: "போன நாலு வருஷத்தில தலைக்கு என்னென்ன பூசினீங்க? நரைக்கு, பொடுகுக்கு, மினுமினுப்புக்கு, எதுவானாலும் சொல்லுங்க." பதில் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. ஆனாலும் முழுதாக நம்பக்கூடியதாக இல்லை.

சோதனையை எப்படிச் செய்கிறேன் என்பதை டிக்கோயாப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் முடியை வைத்தே சொல்கிறேன். கொழும்பில் துணிக்கடையில் வேலை, அக்காவின் கலியாணத்துக்கு லீவில் வந்திருந்தார். இடுப்புவரை முடி. "கலர் போட்டதே இல்லை அக்கா" என்றார். நான்கு வருடக் கேள்விக்குப் பிறகு, அம்மாவின் கறுப்பு மருதாணி நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாகப் போடவில்லையாம்.

காதுக்குப் பின்னால் உள்ளடுக்கில், வெட்டினால் வெளியே தெரியாத இடத்தில், பென்சில் தடிமனுக்கும் குறைவான கற்றையை வேரோடு ஒட்டி வெட்டி, மேற்பக்கத்தை நூலால் கட்டினேன். இன்னொரு பொடிக் கற்றையை உலோக உப்புச் சோதனைக்கு எடுத்தேன். சில மருதாணித் தூள்களிலும் நரை மறைக்கிற சில சாயங்களிலும் உலோக உப்புகள் இருக்கும், அவை பிளீச்சோடு சேர்ந்தால் சூடேறி முடியையே எரித்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில், பிளீச்சோடு கலக்கிற பெரொக்சைட் திரவமான டெவலப்பர் 6 சதவீதத்தில் 30 மில்லிலீற்றர், அதில் அமோனியாத் திரவம் 20 துளி, கற்றையை அதில் அரை மணிநேரம் போட்டு வைக்க வேண்டும். கிண்ணம் சூடானாலோ, நுரைத்துக் கெட்ட மணம் வந்தாலோ, முடி சட்டென்று நிறம் மாறினாலோ பேச்சே இல்லை, அந்தத் தலைக்கு நான் பிளீச் தொடமாட்டேன். சாயம் ஏறிய முடி முழுவதும் வளர்ந்து வெட்டுப்படும்வரை காத்திருக்கச் சொல்லிவிடுவேன். இவருடைய கிண்ணம் குளிராகவே இருந்தது. கற்றை மெதுவாகக் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையே முதல் கற்றையை ஃபொயிலில் வைத்து, பிளீச் பவுடர் ஒரு பங்கும் 6 சதவீத டெவலப்பர் இரண்டு பங்குமாகக் கலந்து பூசினேன். ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் துடைத்துப் பார்த்தோம். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான். 40 நிமிடத்தில் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துவாயின்மேல் வைத்தபோது ஒரே கற்றையில் மூன்று நிறம். வேர்ப்பக்கம் பத்து சென்ரிமீற்றர் அளவு, சாயம் நிறுத்திய பிறகு வளர்ந்த பகுதி, செம்மஞ்சளைத் தாண்டி மஞ்சளுக்கு வந்திருந்தது. நடுப்பகுதி செம்பழுப்பில் நின்றுவிட்டது. நுனிப்பக்கம் துரு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது.

அதற்குப் பிறகு இழுவைச் சோதனை. நல்ல முடி ஈரமாக இருக்கும்போது இழுத்தால் தன் நீளத்தில் பாதியளவு வரை நீண்டு, விட்டதும் திரும்பிவிடும். வேர்ப்பக்க முடி நன்றாகத் திரும்பியது, நடுப்பகுதி ஓரளவு திரும்பியது. நுனியை அவர் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னேன். பபிள்கம் மாதிரி இழுபட்டுக்கொண்டே போய் அறுந்தது.

அவர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இந்த நடுவில இருக்கிற கலர் நல்லா இருக்கே அக்கா" என்றார். பேச்சு வழியில் எனக்குக் கிடைக்காதது இதுதான். முடியாது என்கிற செய்தியோடு, அந்த முடி நோகாமல் எந்த நிறம்வரை வரும் என்பதும் அதே கற்றையில் கண்ணுக்குத் தெரிகிறது. முடி தானாக நிற்கிற செம்பழுப்பையே இலக்காக எடுத்துக்கொண்டோம். நுனியில் ஒரு சாண் அளவு வெட்டி, முகத்தைச் சுற்றியும் மேலடுக்கிலும் மெல்லிய இழைகளை மட்டும் அந்தப் படிவரை கொண்டுவந்து, சிவப்புச் சாயல் உள்ள பழுப்பு டோனர் போட்டேன். வேர்ப்பக்க முடி வேகமாக வெளுக்கும் என்பது கற்றையிலேயே தெரிந்துவிட்டதால், பிளீச்சை நடுப்பகுதியில் முதலில் வைத்து, வேர்ப்பக்கம் கடைசியில் வைத்தேன். உச்சந்தலைச் சூடும் வேரை வேகப்படுத்தும் என்பதால் அதை இன்னும் சீக்கிரமாகக் கழுவினேன்.

பராமரிப்பைப் பற்றியும் கற்றையை வைத்துக்கொண்டே பேசலாம். சாம்பல் டோனர் சில வாரங்களில் கழுவுப்பட்டு, அடியில் இருக்கிற மஞ்சள் மேலே வரும். வேரில் கறுப்பு முடி விரல் அகலம் வளர்ந்தாலே பொன்னிறத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டதுபோலத் தெரியும். கொழும்பிலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அது தாங்காது. செம்பழுப்பு இழைகள் வளர்ந்தாலும் கறுப்போடு கலந்து போய்விடும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. ஒரு மணிநேரத்துக்குமேல் போகிறது. கூட்டமான சனிக்கிழமையில் இதைச் செய்யமுடியாது, சோதனைக்குத் தனியாக ஒரு நாள் வரச்சொல்ல வேண்டும். மேல் தோட்டங்களிலிருந்து பஸ் மாறி வருபவருக்கு அது இன்னொரு பயணம், இன்னொரு நாள் சம்பளம். அதனால் சோதனைக்கு வாங்கும் சிறு தொகையை வேலைக் கட்டணத்தில் கழித்துவிடுகிறேன். சிலர் அப்படியும் வருவதில்லை, அவர்களை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு கற்றை தலை முழுவதையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. நெற்றியோர முடி மெல்லியது, காதுக்குப் பின்னால் இருப்பதைவிடச் சீக்கிரம் வெளுக்கும், சீக்கிரம் கெடும். மார்கழி, தைக் குளிரில் கலவை மெதுவாக வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. எவ்வளவு மெதுவாக என்று கணக்காகச் சொல்லமாட்டேன், அறைக்கு அறை மாறும். ஆகவே வெயில் நாளில் செய்த சோதனையின் நிமிடக் கணக்கைப் பனி நாளில் அப்படியே நம்புவதில்லை. ரீபொண்டிங் செய்த முடியை நான் அதிகம் வெளுத்ததில்லை. இதுவரை சோதித்த கற்றைகள் இழுவையிலேயே தோற்றதால் வேலைவரை போகவில்லை.

தோல் விஷயத்தில் இந்த ஒப்பீடு ஓடாது. ஒரே வாரத்தில் மணப்பெண்ணை வெள்ளையாக்கித் தரச்சொல்லி வருகிற அம்மாவுக்கு வெட்டிக் காட்ட அங்கே கற்றை இல்லை. கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ 48 மணிநேரம் முன்பு செய்கிற ஒவ்வாமைச் சோதனை, அந்தப் பொருள் சேருமா சேராதா என்பதை மட்டும்தான் சொல்லும், நிறம் எவ்வளவு மாறும் என்று சொல்லாது. அங்கே பேச்சுதான் வழி. முழங்கையின் உட்பக்கத் தோலைக் காட்டி, "வெயில் படாத இந்த நிறம்தான் உங்கட பிள்ளையின் இயல்பு நிறம், முகத்தை இதற்கு மேலே கொண்டுபோக நான் பார்க்கமாட்டேன்" என்று சொல்கிறேன். பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும் ஸ்டீரொய்டும் இருக்கலாம் என்பதையும் சொல்கிறேன். ஏற்கெனவே அப்படி எதையாவது பூசி முகம் சிவந்து எரிகிறவர்களை நான் தொடுவதில்லை, தோல் டொக்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.

சோதனைக் கற்றைகளை எறிந்துவிடாமல் ஒரு அட்டையில் ஒட்டி, தேதி, டெவலப்பரின் வீதம், எத்தனை நிமிடம், இழுத்தபோது என்ன ஆனது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் தலைப்பொங்கலுக்கு அக்காவைப் பார்க்க வந்தபோது இன்னும் கொஞ்சம் வெளிராக்கலாமா என்று கேட்டார். அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தோம். சாயம் படாத முடி இன்னும் தோள்வரைகூட வரவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டு, டோனர் மட்டும் போட்டுக்கொண்டு போனார்.